உறக்கத்தின் படிக்கட்டு

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் மகன், ஊர் திரும்புவதற்கு முதல் நாள் தியாகராய நகருக்கு அழைத்துப்போய் ஆளுக்கொரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். நேரம் பார்ப்பதற்காக அன்று. இரவில் கட்டிக்கொண்டு படுத்தால், காலையில் அது நம் உறக்கத்தைப் படமாக வரைந்து கைப்பேசியில் காட்டும் என்றான். அந்தப் படத்தை நாள்தோறும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே தனித்தனியே குறிப்பிட வேண்டிய இடங்களில் கணவர் என்றும் மனைவி என்றும் சொல்லிக்கொள்கிறோம். கணவருக்கு வயது 66, மனைவிக்கு 61.

முதல் மாதத்திலேயே வீட்டில் ஒரு கலக்கம் புகுந்தது. கணவரின் படத்துக்கு நாள்தோறும் 85, 86 என்று மதிப்பெண் வந்தது. மனைவியின் படத்துக்கு 60-ஐத் தாண்டுவதே அரிதாக இருந்தது. அதிலும் ஆழ்ந்த உறக்கம் என்ற பகுதி 20 நிமிடம், 25 நிமிடம் என்றே நின்றது. மனைவியின் தாயார் கடைசி ஆறு ஆண்டுகள் நினைவு தப்பி, பெற்ற மகளையே யாரென்று கேட்டபடி இருந்து மறைந்தவர். ஆழ்ந்த உறக்கம் குறைவதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டென்று ஏதோ ஒரு வார இதழில் படித்திருந்ததால், ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைப் பார்ப்பதற்கே அஞ்சி எழுந்திருக்கும் நிலை வந்தது. அஞ்சியதால் உறக்கம் இன்னும் குறைந்தது. கருவியின் எண்ணைத் துரத்தியே உறக்கத்தைத் தொலைக்கும் இந்நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இனி இப்படத்தை முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்வது அல்லது கடிகாரத்தைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்து, காப்பியும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

படத்தின் அமைப்பு

படம் ஒரு படிக்கட்டைப் போன்றது. இடமிருந்து வலமாக இரவின் மணிகள். மேலிருந்து கீழாக நான்கு படிகள். திரையில் அவை Awake, REM, Light, Deep என்று இருந்தன. விழிப்பு, கனவுறக்கம், மெல்லுறக்கம், ஆழுறக்கம் என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். கோடு ஒரு படியில் சிறிது தூரம் ஓடி, செங்குத்தாக இறங்கியோ ஏறியோ மறு படிக்குச் செல்கிறது.

இவ்வரிசையைக் கண்டதும் எங்களுக்குச் சைவ சித்தாந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. அங்கே உயிரின் அவத்தைகளை நனவு, கனவு, உறக்கம் என்றே வரிசைப்படுத்தி, அதற்கு அப்பால் துரியம், துரியாதீதம் என்று இரண்டைச் சேர்ப்பார்கள். கடிகாரமும் நனவுக்கு அடுத்தபடியாகக் கனவையே வைத்திருக்கிறது. ஆனால் இந்த ஒற்றுமை ஒரு தவறான வாசிப்புக்கும் வழிவகுத்தது. படியில் எவ்வளவு கீழே இருக்கிறோமோ அவ்வளவு நல்ல உறக்கம், கனவுப்படி என்பது அரைகுறை விழிப்பு என்றே இருவரும் எண்ணியிருந்தோம்.

அது அப்படியன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் ஆராய்ச்சி மாணவர், தம் எட்டு வயது மகனைக் கருவியோடு பிணைத்து உறங்கவைத்துக் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, இரவில் சில பொழுதுகளில் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து உருள்வதைக் கண்டார். அவரும் ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் அதை 1953-இல் வெளியிட்டார்கள். அப்பொழுதுகளில் மூளையின் அலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருக்கின்றன. அதனால்தான் படத்தில் அது விழிப்புக்கு அடுத்த படியில் வைக்கப்படுகிறது. ஆனால் உடலின் தசைகள் முற்றிலும் தளர்ந்து கிடக்கின்றன. அந்நிலையில் ஒருவரை எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்வார். இது உறக்கத்தின் குறைபாடு அன்று, இன்னொரு வகை உறக்கம். படியின் உயரம் தரத்தைக் குறிப்பதன்று. தசைகள் தளர்கின்றன என்ற செய்தி பின்னால் எங்களுக்கு வேறொரு வகையில் பயன்பட்டது.

ஓர் இரவு

மனைவியின் ஓர் இரவை எடுத்துக்கொண்டோம். படுத்தது 10:40, எழுந்தது 5:20. விழிப்பு 38 நிமிடம், கனவுறக்கம் 82 நிமிடம், மெல்லுறக்கம் 254 நிமிடம், ஆழுறக்கம் 26 நிமிடம். மொத்தம் 400 நிமிடம் படுக்கையில், அதில் 362 நிமிடம் உறக்கம். மதிப்பெண் 58.

இந்தக் கூட்டுத்தொகைகளை விட்டுவிட்டு, கோடு எங்கெங்கே நின்றது என்பதைத் தாளில் குறித்தோம். உறங்கியது 10:52. முதல் ஆழுறக்கம் 11:08-லிருந்து 18 நிமிடம். முதல் கனவு 12:20-க்கு, 8 நிமிடம் மட்டும். இரண்டாம் ஆழுறக்கம் 12:55-க்கு, 8 நிமிடம். அதற்குப்பின் விடியும்வரை கோடு கீழ்ப்படிக்குச் செல்லவே இல்லை. கனவுகளோ 1:58-க்கு 14 நிமிடம், 3:34-க்கு 26 நிமிடம், 4:38-க்கு 34 நிமிடம் என்று வளர்ந்துகொண்டே போயின. 2:40-லிருந்து 2:58 வரை ஒரு விழிப்பு.

எழுதி முடித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஒரு கனவு முடிவதிலிருந்து அடுத்த கனவு முடிவது வரை ஒரு சுற்று என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஓர் இரவுக்கு நான்கு அல்லது ஐந்து சுற்றுகள். ஆழுறக்கம் முன்னிரவில் கூடிக்கிடக்கும், கனவு பின்னிரவில் நீளும். உடல்நலம் உள்ள ஒருவரின் இரவு இப்படித்தான் அமையும் என்று நூல்கள் சொல்கின்றன. 58 மதிப்பெண் வாங்கிய இப்படத்தில் அவ்வமைப்பு பழுதில்லாமல் இருந்தது. குறைவாக இருந்தது ஆழுறக்கத்தின் அளவு ஒன்றே.

அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க எளிய சோதனை ஒன்று செய்தோம். ஓரிரவு மனைவி இரண்டு கடிகாரங்களையும் இரு கைகளிலும் கட்டிக்கொண்டு படுத்தார். ஒரே உடல், ஒரே இரவு. காலையில் மொத்த உறக்க நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு 9 நிமிடம். ஆழுறக்கத்தில், இடக்கை 24 நிமிடம் என்றது, வலக்கை 51 நிமிடம் என்றது.

காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. கடிகாரம் மூளையைப் பார்ப்பதில்லை. அதன் அடிப்பாகத்தில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று திரும்புவதைக் கொண்டு நாடித்துடிப்பை அளக்கிறது. உள்ளே இருக்கும் அசைவுணரி கையின் அசைவை அளக்கிறது. துடிப்பு தாழ்ந்து ஒரே சீராக இருந்தால் ஆழுறக்கம், உடல் அசையாமல் துடிப்பு மட்டும் ஏறி இறங்கினால் கனவு, இரண்டிலும் சேராதது மெல்லுறக்கம் என்று ஊகிக்கிறது. பலருடைய மூளையலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பழக்கப்பட்ட ஊகம்தான், ஆயினும் ஊகமே. பட்டை தளர்ந்தால் ஒளி சிதறும். பிந்தி உண்டாலோ, அறை புழுங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ துடிப்பு உயரும். மூளை ஆழ்ந்து உறங்கினாலும் கடிகாரம் அதை மெல்லுறக்கம் என்று எழுதிவிடக்கூடும். மார்கழியில் ஒரு விடியற்காலை, மனைவி படுத்தபடியே அசையாமல் ஒலிபெருக்கியில் வந்த திருவெம்பாவையை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அரை மணியும் படத்தில் மெல்லுறக்கமாகவே பதிவாகியிருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. மருத்துவக்கூடத்தில் உறக்கத்தை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படியை முடிவு செய்கிறார்கள். ஒரு துண்டை ஆழுறக்கம் என்று சொல்ல வேண்டுமானால், அதில் ஐந்தில் ஒரு பங்காவது மெதுவான பெரிய அலைகள் இருக்க வேண்டும், அவ்வலைகளின் உயரம் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்ட வேண்டும். வயது ஏற ஏற இவ்வலைகளின் உயரம் குறைகிறது. மெதுவான அலை அங்கே இருந்தும், 70 மைக்ரோவோல்ட் மட்டுமே உயர்ந்தால் அது கணக்கில் வராது. அறுபதைத் தாண்டியவரின் ஆழுறக்கம் சுருங்கித் தோன்றுவதில் ஒரு பகுதி மெய்யான குறைவு, இன்னொரு பகுதி இந்த அளவுகோலால் வருவது. இருபது வயதில் இருந்த அளவை அறுபதில் எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்தபின் மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரலாம், வராமலும் போகலாம். ஆனா அதை இந்தக் கோடு சொல்லாதுன்னு தெரிஞ்சுதே, அது போதுங்க” என்றார்.

விழிப்பின் கோடு

கடிகாரம் படிகளைப் பிரிப்பதில் தடுமாறினாலும், எப்போது உறங்கினோம், எப்போது எழுந்தோம் என்பதை ஓரளவு நன்றாகவே சொல்கிறது. இந்த அளவுக்குள் நின்றே நம் சென்னையில் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட ஐந்து பொருளியலறிஞர்கள் நடத்திய அவ்வாய்வின் கட்டுரை 2021-இல் வெளிவந்தது. குறைந்த வருவாய் உள்ள 452 சென்னைவாசிகளுக்குக் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, அவர்கள் மணிக்கட்டில் அசைவுமானி கட்டினார்கள். அது படிகளைப் பிரிக்கும் கருவியன்று, உறக்கமா விழிப்பா என்பதை மட்டும் சொல்வது. அவர்கள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உறங்கியது ஐந்தரை மணி நேரமே. வெக்கையும் ஓசையும் கொசுவும் உள்ள இரவுகளில் விழித்து விழித்து உறங்கியிருக்கிறார்கள். கண்மறைப்பு, செவியடைப்பு, மின்விசிறி போன்ற உதவிகளாலும் ஊக்கத்தாலும் இரவு உறக்கம் அரை மணிக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. எனினும் வேலைத்திறன் உயரவில்லை. பகலில் அலுவலகத்திலேயே சிறுதுயில் கொண்டவர்களுக்குத்தான் அது உயர்ந்தது. துண்டுபட்ட இரவில் நேரத்தைக் கூட்டுவது மட்டும் போதாது போலும் என்பதே அதைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது.

அதன்பின் ஆழுறக்கத்தை விட்டுவிட்டு, விழிப்புக் கோடுகளைப் பார்க்கத் தொடங்கினோம். மனைவியின் பத்து இரவுகளை வரிசையாக வைத்தபோது, எட்டு இரவுகளில் இரண்டரை மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஒரு விழிப்பு இருந்தது. ஏன் விழிக்கிறார்? காரணத்தைக் கடிகாரம் சொல்லவில்லை. அவரே சொன்னார்: “உங்க குறட்டைதான். குறட்டைகூட பழகிப்போச்சு. நடுவுல சத்தமே நின்னுடுது பாருங்க, அப்பதான் எனக்கு முழிப்பு வருது. நிக்கும், நிக்கும், அப்புறம் திணறி ஒரு மூச்சு வாங்குவீங்க.”

கணவரின் படங்களை இப்போது எடுத்தோம். 10:15-லிருந்து 5:55 வரை, விழிப்பே இல்லாத இரவுகள். ஆழுறக்கம் 70 நிமிடம். மதிப்பெண் 86. மனைவி குறிப்பிட்ட அந்த நள்ளிரவு நேரத்தில், கணவரின் கோடு கனவுப்படியில் அழகாக நீண்டு கிடந்தது.

கனவுறக்கத்தில் தசைகள் தளர்கின்றன என்று முன்பு சொன்னோம். தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் அவற்றுள் அடங்கும். சிலருக்கு அப்போது மூச்சுவழி அடைபட்டுப்போகிறது. உயிர்வளி குறைந்ததும் மூளை சில நொடி விழித்து, வழியைத் திறந்து, மீண்டும் உறங்கிவிடுகிறது. உறங்குபவருக்கு நினைவில் நிற்காது. மூன்று நொடி, ஐந்து நொடி விழிப்பு கடிகாரத்தின் கோட்டில் பெரும்பாலும் தெரிவதில்லை.

இதற்குச் சான்று பகலிலே கிடந்ததை நாங்கள் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். சபாவில் மதியக் கச்சேரியின் ஆலாபனை முடிவதற்குள் கணவர் தலை சாய்வது எங்கள் வீட்டில் பழைய வேடிக்கை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் பனகல் பூங்காவுக்கு அருகே சிக்னலில் வண்டியை நிறுத்தியவர், பச்சை விழுந்தும் நகராமல் ஸ்டியரிங்கின் மேல் கண்ணயர்ந்திருந்தார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். வெயிலின் களைப்பு என்று சொல்லி அதை மறந்துபோனோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அது நேர்ந்திருந்தால் என்பதை இப்போது எழுதும்போதும் எங்களுக்குக் கை நடுங்குகிறது.

அடையாற்றில் ஓர் இரவு

மருத்துவர் சொன்னபடி, கணவர் அடையாற்றில் ஓர் உறக்க ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு தங்கினார். தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் காலிலும் கம்பிகள் ஒட்டினார்கள். மூச்சை அளக்க மூக்கில் மெல்லிய குழாய், மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டைகள், விரலில் உயிர்வளி அளக்கும் கவ்வி. இவ்வளவு கம்பிகளோடு எப்படி உறங்குவது என்று கேட்டதற்கு, “எல்லாரும் இதையேதான் கேப்பாங்க சார், எல்லாரும் தூங்கிடுவாங்க” என்றார் அங்கிருந்த இளைஞர். எங்கள் கடிகாரத்தையும் கழற்றாமல் வைத்துக்கொள்ள இசைந்தார்.

காலையில் கடிகாரம் மதிப்பெண் 81 என்றது, ஆழுறக்கம் 58 நிமிடம் என்றது. சில நாள் கழித்து வந்த அறிக்கையில் ஆழுறக்கம் 19 நிமிடம். மூச்சு நின்றதும் குறைந்ததுமான நிகழ்வுகள் சராசரியாக மணிக்கு 34. பத்து நொடியோ அதற்கு மேலோ நீடிப்பவற்றை மட்டுமே எண்ணுகிறார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, முப்பதைத் தாண்டினால் கடுமை.

அறிக்கையிலும் அதே படிக்கட்டு இருந்தது. ஆனால் அதன் கீழே, அதே மணிக்கணக்கில், உயிர்வளியின் கோடும் மூச்சு நிகழ்வுகளின் கோடும் இருந்தன. மருத்துவர் ஓர் அளவுகோலை எடுத்துச் செங்குத்தாக வைத்துக் காட்டினார். மேலே கனவுப்படி எங்கெங்கே நீண்டதோ, அங்கெல்லாம் கீழே உயிர்வளிக் கோடு ரம்பத்தின் பல்லைப் போல இறங்கி ஏறியது. மிகத் தாழ்ந்த இடத்தில் 79 விழுக்காடு. மணி, விடியற்காலை 3:10. வீட்டில் மனைவி நாள்தோறும் விழிக்கும் நேரத்துக்கு அது வெகு அருகில் இருந்தது.

இப்போது கணவர் மூச்சுவழி அடையாதபடி காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவியை அணிந்து உறங்குகிறார். வேடிக்கை என்னவென்றால், முதல் வாரத்தில் அவருடைய மதிப்பெண் 86-லிருந்து 74-க்கு இறங்கிவிட்டது. முகமூடியைச் சரிசெய்ய இரவில் இரண்டு மூன்று முறை எழுந்ததால் விழிப்புக் கோடுகள் விழுந்தன. மகன் பதறித் தொலைபேசியில் கூப்பிட்டான். அந்த வாரத்தில்தான், பல ஆண்டுகளுக்குப் பின், கணவர் மதியக் கச்சேரி ஒன்றைத் தனியாவர்த்தனம் முடியும்வரை கண்கொட்டாமல் கேட்டார்.

எங்களைப் போல இப்படத்தை அனுப்பியும் பெற்றும் வருபவர்களுக்கு எங்கள் பட்டறிவில் சொல்லத்தக்கது இவ்வளவே. ஓர் இரவின் ஆழுறக்க நிமிடங்களைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பல இரவுகளை வரிசையாக வைத்து, உறங்கிய நேரத்தையும் விழித்த இடங்களையும் பாருங்கள். பகலில் உறக்கம் தள்ளுகிறதா என்பதையும், அருகில் படுத்திருப்பவர் என்ன கேட்டார் என்பதையும் படத்தோடு சேர்த்து வையுங்கள். அவை படத்தோடு முரண்பட்டால், படத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடிகாரங்களை இன்னும் கட்டிக்கொண்டுதான் படுக்கிறோம், மகன் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக. மனைவியின் மதிப்பெண் இப்போதும் அறுபதை ஒட்டியே இருக்கிறது. ஆழுறக்கம் நேற்று 23 நிமிடம். ஆனால் அந்த மூன்று மணி விழிப்பு சென்ற பத்து இரவுகளில் இரண்டு முறைதான் வந்தது. அந்த இரண்டு முறையும் அவர் பக்கத்தில் கையை நீட்டி, முகமூடியிலிருந்து சீராக வந்துகொண்டிருந்த காற்றின் ஓசையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.